4.5-ஆ, 45-ஆ? சொட்டுக் கணக்கு வினாக்களில் தசமப்புள்ளி

நர்சிங் தேர்வுக்குப் படித்தவர்கள் யாரும் இந்த வினாவைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. 1000 மி.லி. நார்மல் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஐ.வி. செட்டின் டிராப் ஃபேக்டர் 20, அதாவது அந்தச் செட்டில் 20 சொட்டு விழுந்தால் 1 மி.லி.; நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? கீழே நான்கு விடைகள்: 0.42, 4.2, 42, 420.

கணக்கு எளிது. 1000-ஐ 20-ஆல் பெருக்கினால் 20,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 41.67 வரும். முக்கால் சொட்டு என்று ஒன்று இல்லையாதலால் 42 என்று முழுமையாக்கிக்கொள்கிறோம். விடை மூன்றாவது.

ஆனால் அந்த நான்கு விடைகளையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். நான்கிலும் இலக்கங்கள் ஒன்றேதான்: நான்கும் இரண்டும். புள்ளி எங்கே நிற்கிறது என்பது மட்டுமே வேறு. பெருக்கி வகுத்துக் கண்டுபிடிக்க வேண்டிய 42 என்ற இலக்கங்களை வினாவே இலவசமாகக் கொடுத்துவிட்டது. மாணவி செய்ய வேண்டியதாக மிச்சமிருப்பது ஒன்றுதான்: அளவு ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பது. இப்படிப் புள்ளியை நகர்த்தி அமைத்த விடைகள் மருந்தளவு வினாக்களில் ஏராளம். ஆசிரியர்கள் சொல்லும் காரணமும் நியாயமாகத்தான் தெரிகிறது. வார்டில் நடக்கும் மிக ஆபத்தான பிழை பத்து மடங்குப் பிழை. அதைத் தேர்விலேயே வைத்துப் பிடித்துவிடலாமே என்கிறார்கள். அந்த வாதம் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில், மேலே சொன்ன சலைன் வினாவில் அது நிற்பதில்லை. பாட்டிலிலிருந்து புவியீர்ப்பில் இறங்கும் டிரிப் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். 420 சொட்டு என்று ரோலர் கிளாம்ப்பைத் திறந்தால் டிரிப் சேம்பரில் சொட்டே விழாது, தாரையாக ஓடும், எண்ணவும் முடியாது. அந்த வேகத்தில் ஒரு லிட்டர் பாட்டில் 50 நிமிடத்துக்குள் காலியாகிவிடும். 4.2 சொட்டு என்றால் அதே பாட்டில் ஏறத்தாழ 80 மணி நேரம் தொங்கும். மூன்று நாளுக்கும் மேல். 0.42 சொட்டு என்பது இரண்டு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தால் ஒரு சொட்டு. ஒரு மாதம் வார்டில் போஸ்டிங் பார்த்த முதலாண்டு மாணவிகூட இந்த மூன்றையும் கணக்குப் போடாமலே அடித்துவிடுவாள். அடித்துவிட்டு மதிப்பெண்ணும் வாங்குவாள். 20-ஆல் பெருக்க வேண்டும், மணியை நிமிடமாக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று வினா கேட்கவே இல்லை.

உண்மையில் இந்தக் கணக்கில் வார்டில் நடக்கும் தவறு வேறு. நம் ஊரில் பெரியவர்களுக்குப் போடும் மேக்ரோ செட்டுகளில் 20 சொட்டு 1 மி.லி. என்பதுதான் பெரும்பாலும் காணும் அளவு. 15 சொட்டுச் செட்டும் உண்டு. குழந்தைகளுக்கும், துல்லியமாக ஏற்ற வேண்டிய மருந்துகளுக்கும் மைக்ரோ டிரிப் செட். அதில் 60 சொட்டு 1 மி.லி. செட்டின் உறையில் இந்த எண் அச்சிட்டிருக்கும். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையில் இருப்பது எந்தச் செட் என்று பாராமல் பழக்கத்தில் எண்ணினால் 42-க்குப் பதில் 31 என்றோ 125 என்றோ போய் நிற்கும். இரண்டாவதில் மூன்று மடங்கு வேறுபாடு. 125 சொட்டு எண்ணுவது சிரமம், ஆனால் முடியாததல்ல. 31 என்பதோ முழுக்க இயல்பான வேகம், யார் கண்ணையும் உறுத்தாது. கிளாம்ப்பைத் திருத்திவிட்டு 15 விநாடிக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குவதுதான் எல்லோரும் செய்வது. 42-க்கு அது பத்து அல்லது பதினொன்று வரும். 31-க்கு ஏழு அல்லது எட்டு. நடு இரவில், மூன்று பெட்டுக்கு ஒரே நேரத்தில் பாட்டில் மாற்றும்போது, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படுவதில்லை. படுவது எட்டு மணி நேரம் கழித்துத்தான், பாட்டிலில் கால் லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும்போது.

ஆக, சலைன் வினாவில் புள்ளியை நகர்த்திய விடைகள் நடக்காத பிழையைச் சோதிக்கின்றன, நடக்கும் பிழையை விட்டுவிடுகின்றன. அதைவிட மோசம், தவறாகப் போட்டவளுக்கு அவை துப்பும் கொடுக்கின்றன. 15-ஆல் பெருக்கி 31 என்று வந்தவள் விடைப்பட்டியலைப் பார்ப்பாள், 31 இல்லை. உடனே எங்கோ தவறு என்று தெரிந்து திரும்பப் போடுவாள். தேர்வறையில் அது நல்லதுதான். வார்டில் அவளுக்கு அந்தப் பட்டியலை யார் கொடுப்பார்கள்?

பிறகு எங்கேதான் பத்து மடங்குப் பிழை உயிரோடு இருக்கிறது? சரியான எண்ணும் தவறான எண்ணும் இரண்டுமே கைக்கு இயல்பாக இருக்கும் இடத்தில். அப்படி இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று சிரிஞ்ச் பம்ப். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு டோபமின், ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டோபமின் ஆம்பூல் 5 மி.லி.; அதில் 200 மி.கி. இருக்கும். ஒரு ஆம்பூலை எடுத்து 50 மி.லி. சிரிஞ்சில் சலைன் சேர்த்து 50 மி.லி. ஆக்குகிறோம். இப்போது ஒரு மி.லி.யில் 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். நோயாளிக்கு நிமிடத்துக்கு வேண்டியது 60-ஐ 5-ஆல் பெருக்கிய 300 மைக்ரோகிராம். பம்ப் மணிக்கணக்கில்தான் ஓடும். எனவே 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மி.கி. அதை 4-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி.

இதன் விடைப்பட்டியலில் 0.45, 4.5, 45, 450 என்று வைத்தால், 450-ஐ மட்டும் எளிதில் தள்ளிவிடலாம், 50 மி.லி. சிரிஞ்ச் ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் 4.5-ம் 45-ம் பம்ப்பின் திரையில் ஒரே மாதிரி இயல்பாகத் தெரிகிற எண்கள். பம்ப்பில் சொட்டு விழுவது தெரியாது, தாரையும் தெரியாது. 45 என்று போட்டால் நோயாளிக்குப் போவது கிலோவுக்கு நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம். இதயம் தறிகெட்டு ஓடத் தொடங்கி, மானிட்டர் கத்திய பிறகுதான் தெரியும். புள்ளிப் பொத்தானை விரல் சரியாக அழுத்தவில்லை என்றாலும் இதேதான் நடக்கும். பிரிட்டனில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் ஹரோல்டு திம்பிள்பி மருத்துவக் கருவிகளில் எண்களைப் பதிவதில் உள்ள சிக்கல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் பால் கேர்ன்ஸும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், சில கருவிகள் பெரிய எண்களில் புள்ளியைச் சொல்லாமல் கொள்ளாமல் விழுங்கிவிடுவதை எடுத்துக்காட்டுகிறார்கள், 100.1 என்று அழுத்தினால் 1001 ஆகிவிடும். கணக்குச் சரி, கை சரி, கருவி புள்ளியைத் தின்றுவிட்டது. இதை எந்த எழுத்துத் தேர்வும் பிடிக்காது.

இரண்டாவது இடம் குழந்தைகள் வார்டு. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து மடங்குப் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் மருந்துக் கட்டிலேயே மாட்டிக்கொள்ளும். வாந்திக்குப் போடும் ஒன்டான்செட்ரான் 4 மி.கி. என்றால் 2 மி.லி. ஆம்பூல் ஒன்று. யாராவது 40 மி.கி. என்று படித்துவிட்டால் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். மூன்றாவது ஆம்பூலை உடைக்கும்போதே கை நின்றுவிடும். ஆம்பூல்களைப் பெரியவர்களுக்கான ஒரு வேளை அளவை வைத்துத்தான் கம்பெனிகள் அடைக்கின்றன. அதுவே ஒரு காவல்.

குழந்தைக்கு அந்தக் காவல் இல்லை. அதே பெரியவர்களுக்கான ஆம்பூலிலிருந்துதான் குழந்தைக்கும் எடுக்கிறோம். 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு மார்ஃபின், கிலோவுக்கு 0.1 மி.கி. என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 1 மி.கி. ஆம்பூல் 1 மி.லி.; அதில் 10 மி.கி. அப்படியானால் எடுக்க வேண்டியது 0.1 மி.லி. மட்டுமே. பத்து மடங்கு தவறினால் 1 மி.லி., அதாவது ஒரு முழு ஆம்பூல். உடைத்தது ஒரு ஆம்பூல், எடுத்தது ஒரு ஆம்பூல். எதுவும் மிஞ்சவில்லை, எதுவும் போதாமல் இல்லை. பார்க்கிறவருக்கு இதைவிட இயல்பான காட்சி கிடையாது.

சிரிஞ்சும் இங்கே தவறின் பக்கமே நிற்கிறது. 5 மி.லி. சிரிஞ்சில் ஒரு சிறு கோடு 0.2 மி.லி.; 0.1 மி.லி.யை அதில் அளக்கவே முடியாது. 1 மி.லி. சிரிஞ்சை எடுத்தால்தான் சரியான அளவு கையில் வரும். அந்தச் சிரிஞ்ச் டிரேயில் இல்லாவிட்டால், அளக்க எளிதாக இருப்பது தவறான அளவுதான்.

அதனால்தான் இவ்வளவு சிறிய அளவுகளை நேரடியாக எடுக்காமல் நீர்க்க வைத்து எடுக்கிறார்கள். 1 மி.லி. மார்ஃபினோடு 9 மி.லி. சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கினால், ஒரு மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். இப்போது குழந்தைக்குப் போட வேண்டியது 1 மி.லி. கவனியுங்கள்: நீர்க்க வைத்த பிறகு 1 மி.லி. என்பது சரியான விடை. நீர்க்க வைப்பதற்கு முன் 1 மி.லி. என்பது பத்து மடங்கு. ஒரே எண்தான். ஒருவர் நீர்க்க வைத்து எடுத்து வைத்துவிட்டு, லேபிள் ஒட்டாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டால், அடுத்து வருபவருக்கு அந்தச் சிரிஞ்சில் இருப்பது எது என்று தெரிய வழியில்லை. டொரான்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஐந்து ஆண்டுகளில் பதிவான பத்து மடங்குப் பிழைகளைத் தொகுத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது, 252 பிழைகள். அவற்றில் மிக அதிகமாகத் தென்பட்ட மருந்து மார்ஃபின்தான்.

அட்ரினலினிலும் இதே முடிச்சு. நம் ஆம்பூல் 1 மி.லி.யில் 1 மி.கி.; ‘ஆயிரத்தில் ஒன்று’ என்பார்கள். அதே 10 கிலோ குழந்தைக்கு ஊசி ஒவ்வாமையால் மூச்சு திணறினால் தசையில் 0.1 மி.கி. போட வேண்டும், இந்த ஆம்பூலிலிருந்து 0.1 மி.லி. இதயம் நின்றுபோனால் நரம்பில் போடுவதும் 0.1 மி.கி.தான், ஆனால் பத்து மடங்கு நீர்க்க வைத்த ‘பத்தாயிரத்தில் ஒன்று’ கரைசலிலிருந்து. எனவே 1 மி.லி. எடுக்க வேண்டும். விடைப்பட்டியலில் 0.01, 0.1, 1, 10 என்று இருந்தால், நடுவில் உள்ள இரண்டுமே சரி, எந்தக் கரைசல் என்று வினா சொல்வதைப் பொறுத்து. இங்கே புள்ளியை நகர்த்திய விடைகள் வைப்பது முழுக்கத் தகும். பிழை அந்த வடிவில்தான் நடக்கிறது. அமெரிக்காவில் இந்த விகிதக் குறியீட்டால் வந்த குழப்பத்துக்காகவே 2016 முதல் அட்ரினலின் லேபிள்களிலிருந்து அதை எடுத்துவிட்டு, ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று மட்டும் எழுதச் செய்தார்கள். நம் வினாத்தாள்களில் விகிதம் இன்னும் இருக்கிறது. வார்டுப் பேச்சிலும் இருக்கிறது. இருக்கும்வரை அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி, புள்ளியோடு சம்பந்தமே இல்லாத ஒரு நிகழ்வு. இந்தக் கேள்வி முழுவதையும் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட உதவியது வேறில்லை.

2006 ஜூலை இறுதியில், கனடாவின் எட்மண்டன் நகரப் புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு ஃப்ளோரோயூராசில் என்ற மருந்தை, கையோடு எடுத்துச் செல்லும் சிறு பம்ப்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மொத்த அளவு 5250 மி.கி.; நான்கு நாளில் சிறுகச் சிறுக ஏற வேண்டும். கரைசலில் ஒரு மி.லி.க்கு 45.57 மி.கி. இருந்தது. கணக்கு இப்படிப் போகும்: 5250-ஐ 45.57-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 115.2 மி.லி. நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 28.8 மி.லி. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 மி.லி. பம்ப்பில் போட வேண்டியது 1.2.

நர்ஸ் கால்குலேட்டரில் போட்டார். 28.8 என்று வந்தது. கடைசி வகுத்தலான 24 விட்டுப்போயிற்று. சரிபார்க்க மருந்துப் பையின் லேபிளைப் பார்த்தார். அதில் நாளுக்கு 28.8 மி.லி. என்றும், மணிக்கு 1.2 மி.லி. என்றும் இரண்டு எண்களும் அச்சாகியிருந்தன. தன் கால்குலேட்டரில் வந்த எண் லேபிளிலும் இருந்தது. சரிபார்த்தாயிற்று. விதிப்படி இரண்டாவது நர்ஸும் தனியாகச் சரிபார்த்தார், அவருக்கும் 28.8 தான் வந்தது. நான்கு நாளில் ஏற வேண்டிய மருந்து நான்கு மணி நேரத்தில் ஏறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் இறந்தார். பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான கனடா நிறுவனம் 2007-இல் வெளியிட்ட விரிவான அறிக்கையில் இந்தக் கணக்கின் ஒவ்வொரு படியும் இருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்களை நம் வினாக்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, தவறு பத்து மடங்கல்ல, 24 மடங்கு. இதே கணக்கை நாம் கொள்குறி வினாவாக எழுதியிருந்தால் பழக்கப்படி 0.12, 1.2, 12, 120 என்றுதான் விடைகள் வைத்திருப்போம். 28.8 என்று வந்தவள் அது பட்டியலில் இல்லை என்று கண்டு, திருத்திக்கொண்டிருப்பாள். எந்தப் பிழை உயிரைக் கொன்றதோ அந்தப் பிழையைச் செய்தவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இரண்டாவது, அந்த லேபிள் செய்ததும் ஒரு விடைப்பட்டியலின் வேலையைத்தான். போட்ட கணக்கின் விடை எதிரே அச்சில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது. வருடக்கணக்காகக் கொள்குறித் தேர்வெழுதிப் பழகியவர்களிடம் இந்தப் பழக்கம் இல்லாதிருந்தால்தான் வியப்பு.

28.8 ஒரு கற்பனை எண் அல்ல. அது கணக்கின் வழியில் நிஜமாகவே வந்து நின்ற எண். ஒரு படி மட்டும் பாக்கி. டோபமின் கணக்கில் 18-ம் அப்படித்தான்: மணிக்கு 18 மி.கி. என்பது உண்மை, ஆனால் பம்ப்பில் போட வேண்டியது மி.லி. இப்படிப் பாதி வழியில் நிற்கும் எண்கள்தான் விடைப்பட்டியலில் இடம்பெற வேண்டியவை. அவை இடம்பெறாததற்குக் காரணம், அவற்றை எழுத வினா எழுதுபவரே கணக்கை மூன்று தவறான வழிகளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான். புள்ளியை நகர்த்துவதற்கு அந்த உழைப்பு வேண்டாம்.

கல்வி ஆய்வுகள் இதை வேறு கோணத்தில் தொட்டிருக்கின்றன. லண்டனில் சீலியா ஹாய்ல்ஸ், ரிச்சர்ட் நாஸ், ஸ்டெஃபானோ போஸி மூவரும் குழந்தைகள் வார்டில் அனுபவமுள்ள நர்ஸுகளோடு இருந்து பார்த்து 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரியில் கற்றுக்கொடுக்கும் ‘வேண்டியது வகுத்தல் கையில் இருப்பது’ என்ற வாய்பாட்டை அவர்கள் வார்டில் அதிகம் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு மருந்துக்கும், அது எந்த வயலில் எந்த அளவில் வருகிறது என்பதையொட்டி ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள், தவறும் செய்யவில்லை. 2 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும் அமிகாசினை எடுத்துக்கொள்ளலாம். 120 மி.கி. வேண்டுமென்றால் 120-ஐ இரட்டித்தால் 240. புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தால் 2.4 மி.லி. இந்த முறையில் புள்ளி வைப்பது கணக்கால் அல்ல, அந்த மருந்து சிரிஞ்சில் வழக்கமாக எவ்வளவு வரும் என்ற பழக்கத்தால். வயலில் 2 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும்போது 120 மி.கி.க்கு 24 மி.லி. எப்படி வரும் என்று கை கேட்கும். கம்பெனி மாறி, வயலின் அளவு மாறி வந்த அன்று மட்டும் இந்தக் கை ஏமாறும். அது இந்த முறையின் எல்லை. நான் அறிந்தவரை, பழகிய மருந்தில் ஒரு சீனியர் சிஸ்டர் கணக்கே போடாமல் சரியாகச் சொல்வதும், புது மருந்தில் அவரே பேனாவைத் தேடுவதும் எந்த வார்டிலும் நடப்பதுதான்.

பிரிட்டனின் கீத் வீக்ஸ் குழுவினர் மருந்துக் கணக்குத் திறனை மூன்றாகப் பிரித்தார்கள்: எதை எதனால் பெருக்க வேண்டும் என்று புரிந்து கணக்கை அமைப்பது; அமைத்ததைப் போடுவது; போட்ட விடையைச் சிரிஞ்சிலோ பம்ப்பிலோ அளந்து காட்டுவது. இந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால், இலக்கம் ஒன்றாகவும் புள்ளி வேறாகவும் இருக்கும் விடைப்பட்டியல் முதல் இரண்டையும் சோதிப்பதில்லை என்பது தெளிவாகிறது. மூன்றாவதின் ஓரத்தைத் தொடுகிறது: இந்த அளவு கைக்குப் பொருந்துமா என்ற உணர்வை. அது மதிப்புள்ள உணர்வுதான். ஆனால் கணக்கு வினா என்ற பெயரில் அதை மட்டும் கேட்பது ஏமாற்று.

சில நாடுகள் விடைப்பட்டியலையே எடுத்துவிட்டன. அமெரிக்க உரிமத் தேர்வான என்.சி.எல்.இ.எக்ஸில் மருந்துக் கணக்குகளுக்குத் திரையில் எண்ணைத் தட்ட வேண்டும். எத்தனை தசம இடத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்று வினாவே சொல்லிவிடும். பிரிட்டனில் 2018-இல் வந்த விதிகளின்படி, பயிற்சி முடிப்பதற்குள் மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியாக வேண்டும். நம் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் போன்ற தேர்வுகள் கொள்குறி வினாக்கள்தான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். லட்சக்கணக்கில் எழுதும் தேர்வில் வேறு வழி எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கழித்தல் மதிப்பெண் உள்ள தேர்வில்தான் பத்து மடங்கு விடைகள் இன்னும் பலவீனமானவை. ஓரத்தில் இருக்கும் இரண்டையும் தள்ளிவிட்டு, மிச்சம் இரண்டில் ஒன்றைக் குருட்டடியாகத் தொட்டால்கூடச் சராசரியில் லாபம்.

தட்டச்சு செய்யும் முறையிலும் ஒரு குறை உண்டு. 45 என்று தட்டியவளும் 18 என்று தட்டியவளும் ஒன்றுபோலப் பூஜ்ஜியம் வாங்குவார்கள். யாருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமானால் தட்டிய எண்ணைப் பார்த்து வழியைப் பின்னோக்கித் தேட வேண்டும். அந்த வகையில் நன்றாக எழுதிய கொள்குறி வினா தட்டச்சு வினாவைவிட மேலானது.

இடையில் அச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004-இல் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன், மருந்துச் சீட்டில் எழுதக்கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டது. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்ஜியமும் போடக்கூடாது, 5.0 மி.கி. என்பதில் புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். ஒன்றுக்குக் குறைவான எண்ணை வெறும் புள்ளியில் தொடங்கக்கூடாது; .5 மி.கி. என்பது 5 ஆகிவிடும், 0.5 என்றே எழுத வேண்டும். நம் கைடு புத்தகங்கள் சிலவற்றில் இரண்டும் தாராளமாகக் காணக்கிடைக்கின்றன. புள்ளியை வைத்தே சோதிக்கும் வினாவில், 1.0 மி.லி. என்று ஒரு விடையும் .1 மி.லி. என்று இன்னொரு விடையும் அச்சிட்டிருந்தால், மலிவுத் தாளில் எந்தப் புள்ளி மை, எந்தப் புள்ளி தூசி என்று மாணவி உற்றுப்பார்க்க வேண்டியிருக்கிறது. படிக்கும் காலத்தில் கண்ணுக்குப் பழகிய எழுத்துமுறைதான் பிறகு ட்ரீட்மென்ட் சார்ட்டிலும் வரும்.

சரி, டோபமின் வினாவை எப்படித் திருத்தி எழுதலாம்? தரவுகள் அப்படியே இருக்கட்டும்: 60 கிலோ, கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம், 50 மி.லி.யில் 200 மி.கி. விடைகளாக 0.075, 4.5, 18, 45 ஆகிய நான்கையும் வைக்கலாம். 0.075 வந்தவள் நிமிடத்துக்கான 300 மைக்ரோகிராமை நேரே 4000-ஆல் வகுத்திருக்கிறாள், நிமிடத்தை மணியாக்கவில்லை. 18 வந்தவள் மி.கி.யோடு நின்றுவிட்டாள், கரைசலின் அடர்த்தியை மறந்தாள். 45 வந்தவள் மைக்ரோகிராமை மி.கி. ஆக்கும்போதோ வகுக்கும்போதோ ஒரு பூஜ்ஜியத்தை இழந்தாள். பத்து மடங்கு விடை இங்கேயும் இருக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்று. அது வார்டில் உண்மையாகவே நடக்கக்கூடியது என்பதால். தவறான வழியில் போன மூவருக்கும் அவரவர் எண் பட்டியலில் கிடைத்துவிடும். துப்பு எதுவும் கிடைக்காது.

அதோடு ஒரு துணை வினாவும் சேர்க்கலாம்: இந்த வேகத்தில் சிரிஞ்ச் எத்தனை மணி நேரம் வரும்? 50-ஐ 4.5-ஆல் வகுத்தால் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை எட்டு மணிக்கு மாட்டினால் இரவு ஏழு மணிக்குள் அடுத்த சிரிஞ்ச் தயாராக வேண்டும். டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் சொல்ல வேண்டிய தகவலே அதுதான். 45 போட்டவளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும், 18 போட்டவளுக்கு மூன்று மணி நேரத்துக்குள். எட்மண்டனில் பை எப்போது காலியாகும் என்ற இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தால், 115-ஐ 28.8-ஆல் வகுத்து நான்கு மணி நேரம் என்று வந்திருக்கும். ஆர்டரில் நான்கு நாள் என்று எழுதியிருந்தது.

இப்படி எழுதினாலும் பிடிபடாதவை உண்டு. புள்ளிப் பொத்தான் வேலை செய்யாத பம்ப்பை இது பிடிக்காது. லேபிள் ஒட்டாமல் வைத்த மார்ஃபின் சிரிஞ்சையும் பிடிக்காது. அவற்றுக்கு ஸ்கில் லேபில் நிஜமான ஆம்பூல், 1 மி.லி. சிரிஞ்ச், 5 மி.லி. சிரிஞ்ச் மூன்றையும் டிரேயில் வைத்து, 0.1 மி.லி. எடுத்துக் காட்டு என்று கேட்க வேண்டும். எந்தச் சிரிஞ்சுக்குக் கை போகிறது என்று நின்று பார்க்க ஒரு ஆசிரியரும் வேண்டும்.